மூன்று நிரல், 36 தலைகள்: ஒரு கும்பாபிஷேக மலரின் உபயகாரர் பட்டியலை 17 பக்கத்திலிருந்து 12 பக்கத்துக்குக் கொண்டுவந்த கதை

வலிகாமத்தில் ஒரு கிராமக் கோயில். திருப்பணி முடிந்து கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மலருக்கான கட்டுரைகள், ஆசிச் செய்திகள், படங்கள் எல்லாம் யாழ்ப்பாண நகரில் இருக்கும் என் கணினிக்கு வந்து, பக்கங்களாகி, 84 பக்கத்தில் நின்றன. மிஞ்சியிருந்தது திருப்பணி உபயகாரர் பட்டியல் மட்டும். அதில் 1,240 பெயர்கள்.

பரிபாலன சபை தந்த எக்செல் கோப்பை அட்டவணையாகவே, கோடுகளோடு, இரண்டு நிரலில் வைத்துப் பார்த்தேன். 17 பக்கம் வந்தது. 84உம் 17உம் 101. அங்கேதான் சிக்கல். A4 அளவு மலரில், ஒரு தாளின் இரு பக்கமும் அச்சிட்டு இருமுறை மடித்தால் 8 பக்கம் கிடைக்கும். இதை அச்சகத்தில் ஒரு பாரம் என்பார்கள். 96 பக்கம் என்றால் 12 பாரம். 101 பக்கத்துக்கு 13 பாரம் வேண்டும், அதாவது 104 பக்கம். அந்த 13ஆவது பாரத்துக்காக இன்னும் இரண்டு அச்சுத் தட்டு, 1,000 பிரதிக்கு இன்னும் 1,000 தாள், கழிவு தனி. அதில் மூன்று பக்கம் வெறுமையாகவும் போகும். சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். “தம்பி, அந்தக் காசு சனங்கள் தந்த காசு. பட்டியலை 12 பக்கத்துக்குள் அடக்க வழியிருக்கிறதா?” என்று கேட்டார்.

இலக்கு அப்படித்தான் பிறந்தது. அது ‘எவ்வளவு குறைக்கலாம்’ என்பதல்ல, சரியாக 12 பக்கம். பதினொன்றாகக் குறைத்தாலும் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது, 12ஆவது பக்கம் வெறுமையாகப் போகும். அடுத்த மிச்சம் கிடைக்க வேண்டுமென்றால் பட்டியல் 4 பக்கத்துக்கு இறங்க வேண்டும். அது நடக்காத காரியம். பட்டியலைச் சுருக்கப் புறப்படும் பலர் இந்தக் கணக்கைப் போடாமலே எழுத்தைச் சிறிதாக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மலரைக் கையில் எடுத்துத் தங்கள் பெயரைத் தேடப்போவது பெரும்பாலும் அறுபது வயது தாண்டியவர்கள். எழுத்தின் அளவில் தேவையில்லாமல் குறைத்த ஒவ்வொரு புள்ளியும் அவர்களுடைய கண்ணுக்குத்தான் பாரம்.

எது எதோடு சேர வேண்டும்

எக்செல் கோப்பில் பெயர்கள் நாடு வாரியாக இருந்தன. ஊரில் இருப்பவர்கள் முதலில், பிறகு கனடா, லண்டன், சுவிஸ், பிரான்ஸ், நோர்வே, அவுஸ்திரேலியா. காசு சேர்த்தவர்கள் நாட்டுக்கு நாடு தனித்தனியாகக் கணக்கு அனுப்பியதால் அந்த வரிசை வந்திருக்கிறது. அது சேர்த்தவர்களுக்கு வசதியான வரிசை. வாசிப்பவர்களுக்கு அல்ல. தகப்பன் ஊரில், ஒரு மகன் ரொறன்ரோவில், மகள் சூரிச்சில் என்றால், மூன்று பெயரும் மூன்று பக்கத்தில் கிடந்தன.

செயலாளர் மாஸ்டரும் நானும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து இதை மாற்றினோம். ஊரின் ஒழுங்கைகளும் சந்தியடிப் பகுதிகளுமாக 19 பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் வீட்டு வரிசைப்படி குடும்பங்கள். குடும்பத்துக்குள் முதலில் வீட்டுத் தலைவர் பெயர் தடித்த எழுத்தில், அதன் கீழே உள்தள்ளி மற்றவர்கள், வெளிநாட்டில் இருந்தால் பெயருக்குப் பின் நாட்டின் பெயர். இப்படி 212 குடும்பக் கட்டுகள் வந்தன. இதில் மூன்று விதிகளை எழுதிவைத்தோம். ஒரு குடும்பம் இரண்டு நிரலுக்குப் பிரியக் கூடாது. ஒழுங்கையின் பெயர் நிரலின் அடியில் தனியே தொங்கக் கூடாது, குறைந்தது அதன் முதல் குடும்பமாவது கூட வர வேண்டும். ஒழுங்கைக்குள் வீட்டு வரிசை மாறக் கூடாது. “வரிசையை மாற்றினால், அவரை ஏன் முன்னுக்குப் போட்டீர்கள் என்று தேரடியில் வைத்துக் கேட்பார்கள்” என்றார் மாஸ்டர். ஆகவே கட்டுகளைப் புதிர்த் துண்டுபோல எடுத்து எங்கு வேண்டுமானாலும் பொருத்தும் சுதந்திரம் எனக்கு இல்லை. வரிசை நிலையானது, எங்கே நிரலை முறிப்பது என்பது மட்டும்தான் என் கையில்.

ஒழுங்கை முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையும் மாஸ்டருக்கு இருந்தது. அதற்கு நான் இணங்கவில்லை. சில ஒழுங்கைகள் இரண்டு பக்கத்துக்கு நீளும், சில அரை நிரலில் முடியும். ஒவ்வொன்றையும் புதுப் பக்கத்தில் தொடங்கினால் 19 பக்கத்துக்குக் குறையாது. இறுக்கமான விதியைச் சிறிய கட்டுக்கு வைத்து, பெரிய பிரிவுக்குத் தளர்த்துவதே சரி. பக்கத்தின் மேல் ஓரத்தில் அந்தப் பக்கத்தில் வரும் ஒழுங்கைகளின் பெயர்களைச் சிறிய எழுத்தில் போட்டோம். நிரலுக்குள் ‘தொடர்ச்சி’ என்று எழுதி வரிகளைச் செலவழிக்கத் தேவையில்லாமல் போனது.

பெயர்களை எண்ணாதே, வரிகளை எண்ணு

எழுத்து 10 புள்ளி, வரி இடைவெளி 14 புள்ளி. தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் இதற்குக் குறைந்தால் வரிகள் ஒன்றையொன்று முட்டும். பக்கத்தில் எழுத்துக்கு உரிய உயரம் ஏறக்குறைய 700 புள்ளி, ஆகவே ஒரு நிரலுக்கு 50 வரி. அகலம் 174 மில்லிமீட்டர்.

பெயர்களுக்கு 1,240 வரி, குடும்பங்களுக்கு நடுவே அரை வரி இடைவெளி என்பதால் 106, ஒழுங்கைத் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி வீதம் 38. மொத்தம் 1,384. இரண்டு நிரலில் பக்கத்துக்கு 100 வரி, மூன்றில் 150, நான்கில் 200. இப்படிப் பார்த்தால் நான்கு நிரல் போட்டு 7 பக்கத்தில் முடித்துவிடலாம்போல் தோன்றும். இது ஏமாற்றும் கணக்கு. நிரல் ஒடுங்க ஒடுங்க நீளமான பெயர்கள் அடுத்த வரிக்கு மடிகின்றன. நம்முடைய பெயர்கள் நீளமானவை. ‘திருமதி விக்னேஸ்வரமூர்த்தி குடும்பம்’ என்பது நான்கு நிரல் அகலத்தில், அதாவது 40 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவில், ஒரு வரியில் நிற்காது.

எத்தனை மடியும் என்பதை எப்படி அறிவது? எக்செலில் `LEN` போட்டு எழுத்துகளை எண்ணிப் பார்ப்பது பலருடைய முதல் யோசனை. தமிழில் அது உதவாது. ‘விக்னேஸ்வரமூர்த்தி’ என்பது கண்ணுக்குப் பத்து எழுத்து, `LEN` அதை 18 என்னும். ‘ஸ்ரீ’ ஒரே வடிவமாக நிற்கும், அதற்கு 4 என்னும். புள்ளியும் விசிறியும் தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதால் அந்த எண்ணுக்கும் அகலத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. கோப்பின் ஒரு பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு வந்திருந்தது. பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள்தாம், ஆகவே அகர வரிசைப்படுத்தினாலும் எண்ணினாலும் இரண்டும் பிழைக்கும். முதலில் எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றினேன்.

நான் செய்தது மிக எளிய வழி. வேர்டில் ஒரே நிரல், மூன்று நிரல் அமைப்பில் வரப்போகும் அதே அகலம், அதே எழுத்துரு, அதே அளவு. முழுப் பட்டியலையும் அதற்குள் ஊற்றிவிட்டு வரிகளை எண்ணினேன். நிரல்களுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் விட்டால் மூன்று நிரலில் ஒவ்வொன்றும் 54.7 மில்லிமீட்டர். அதில் 310 பெயர்கள் மடிந்தன. நான்கு நிரலுக்கும் அதே போல அளந்தேன். சில பெயர்கள் மூன்று வரிக்குப் போய், மேலதிகமாக 1,150 வரிகள் வந்தன.

ஆகவே உண்மையான கணக்கு இது. மூன்று நிரலில் 1,694 வரி, 11.3 பக்கம். நான்கு நிரலில் 2,534 வரி, 12.7 பக்கம். நிரலைக் கூட்டியதும் பக்கமும் கூடிவிட்டது. பார்வைக்கும் நான்கு நிரல் அலங்கோலமாக இருந்தது, ஒரு பெயர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. மூன்று நிரல் என்று முடிவு செய்தேன்.

நிரலின் அடியில் ஓட்டைகள்

11.3 பக்கம் 12க்குள் அடங்கும் என்று நினைத்து வேர்டில் மூன்று நிரலாக்கினேன். 13ஆவது பக்கத்தில் 40 வரி போய் நின்றது.

காரணம் குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்ற விதி. நிரலின் அடியில் 5 வரி மிச்சம் இருக்கும்போது அடுத்த குடும்பம் 9 வரி என்றால், அது முழுவதும் அடுத்த நிரலின் தலைக்குப் போகிறது. 5 வரி ஓட்டை. ஒரு கட்டின் சராசரி 8 வரி என்றால் ஒவ்வொரு நிரலிலும் சராசரியாக அதில் பாதி, அல்லது சற்றுக் கூடுதலாக, வீணாகும் என்று எதிர்பார்க்க வேண்டும். 12 பக்கத்தில் 36 நிரல். நிரலுக்கு 4 வரி வீணானால் 144 வரி. என்னிடம் இருந்த மிச்சமோ 1,800இல் 1,694 போக 106 வரிதான். அடங்காது என்பது வேர்டில் போடுவதற்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டியது. இப்போது எந்தப் பட்டியல் வந்தாலும் முதலில் இந்தப் பெருக்கலைத்தான் செய்கிறேன். நிரல்களின் எண்ணிக்கையைச் சராசரிக் கட்டின் பாதியால் பெருக்கு, அதை மொத்த வரிகளோடு கூட்டு, பிறகு பக்கத்தைக் கேள்.

இந்த இடத்தில் இரண்டு வழிகள் திறந்திருந்தன. ஒன்று விதியைத் தளர்த்திக் குடும்பங்களை முறிப்பது. மற்றது மடிந்த வரிகளைக் குறைப்பது. இரண்டாவதைத்தான் எடுத்தேன், அதற்கு இடம் மட்டும் காரணமல்ல. வீட்டுத் தலைவர் பெயர் மடிந்தால், மடிந்த பாதி உள்தள்ளி நிற்கிறது. அதற்குக் கீழே வரும் பிள்ளைகளின் பெயர்களும் உள்தள்ளித்தான் நிற்கின்றன. முதல் அச்சுப்படியைப் பார்த்த மாஸ்டர் ஒரு பெயரின் பின்பாதியைச் சுட்டி, “இது யார்? இப்படி ஒருவர் அந்த வீட்டில் இல்லையே” என்று கேட்டார். மடிப்பு புது ஆட்களைப் பிறப்பிக்கிறது.

மடிந்த 310 பெயர்களையும் தனியாக எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டவை ‘குடும்பம்’ அல்லது ‘குடும்பத்தினர்’ என்ற ஒரே சொல்லால் மடிந்தவை. கட்டே குடும்பம் என்று ஆனபின் அந்தச் சொல் எதற்கு? பட்டியலின் முகப்பில், தடித்த எழுத்தில் இருப்பது குடும்பத் தலைவர் பெயர் என்று ஒரு வரி எழுதிவிட்டு எல்லா இடத்திலும் அதை எடுத்தோம். ‘அவுஸ்திரேலியா’ ‘அவுஸ்.’ ஆனது. ‘அமரர்’ என்பதில் கை வைக்கவில்லை. அதைக் குறியீடாக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இறந்தவருடைய பெயருக்கு முன் நம்மவர்கள் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்கள். எழுத்தை 95 விழுக்காட்டுக்கு ஒடுக்கும் வேலையையும் செய்யவில்லை. ணகர னகரச் சுழிகள் அடைபட்டு மை பூசியதுபோல் ஆகிவிடும்.

இவ்வளவில் 310 மடிப்பு 140 ஆகக் குறைந்தது. மொத்தம் 1,524 வரி. 12 பக்கத்தில் இப்போது 276 வரி மிச்சம், ஓட்டைகளுக்கு 140 போனாலும் கவலையில்லை. நான்கு நிரல் இப்போது 11 பக்கத்துக்குள் வந்திருக்கக்கூடும். ஆனால் பாரக் கணக்கில் அதனால் ஒரு பயனும் இல்லை, ஆகவே திரும்பிப் பார்க்கவில்லை.

சமமாக நிரப்புதல்

மிச்சம் வந்ததும் வேறொரு பிரச்சினை வந்தது. வேர்ட் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு நிரலையும் 50 வரிவரை நிரப்பிக்கொண்டே போகும். பட்டியல் 11ஆவது பக்கத்தை ஒட்டி முடிந்து, 12ஆவது பக்கம் முக்கால்வாசி வெறுமையாக நிற்கும். பட்டியலின் முடிவில் `Continuous` வகைப் பிரிவு முறிப்பைப் போட்டால் வேர்ட் நிரல்களைச் சமப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் அது சமப்படுத்துவது கடைசிப் பக்கத்தின் மூன்று நிரல்களை மட்டுமே. மற்றப் பதினொரு பக்கங்களும் நெருக்கமாகவே இருக்கும். எனக்கு வேண்டியது 36 நிரலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பது. அப்படி நின்றால் நிரலுக்கு வரிகள் குறையும், மிஞ்சும் உயரத்தை வரி இடைவெளியாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

கேள்வியை இப்படித் திருப்பினேன். வரிசையை மாற்றாமல், கட்டுகளை உடைக்காமல், 36 நிரலுக்குள் அடக்கக்கூடிய மிகக் குறைந்த நிரல் உயரம் எது? இதற்கு விடை காண்பது கடினமல்ல. ஓர் உயரத்தை எடுத்துக்கொள். முதல் கட்டிலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கு, அடங்காதபோது அடுத்த நிரலுக்குப் போ. முடிவில் எத்தனை நிரல் வந்தது என்று பார். 36ஐத் தாண்டினால் உயரத்தைக் கொஞ்சம் கூட்டித் திரும்பவும் செய். வரிசை மாறாது என்ற நிலையில், இப்படி முடிந்தமட்டும் நிரப்பிக்கொண்டு போவதைவிடக் குறைந்த நிரல்களில் வேறு எந்த முறையாலும் அடக்க முடியாது. ஆகவே கிடைக்கும் உயரமே மிகக் குறைந்தது.

அரை வரி இடைவெளி இருப்பதால் எல்லாவற்றையும் அரை வரிகளில் எண்ணினேன். 6 வரிக் குடும்பம் என்றால் 12, அதன் கீழ் இடைவெளிக்கு ஒன்று, மொத்தம் 13. ஒழுங்கையின் முதல் குடும்பத்தோடு தலைப்பின் இரண்டு வரியைச் சேர்த்து ஒரே கட்டாக்கிவிட்டேன், அதனால் தலைப்பு தனியே தொங்கும் பேச்சுக்கே இடமில்லை. எக்செலில் இந்த எண்களை ஒரு நிரலாக எழுதி, அதை `blocks` என்ற பட்டியலாகச் சிறிய பைதன் புரோகிராமுக்குக் கொடுத்தேன்.

```python
def columns(blocks, H):
    n, used = 1, 0
    for b in blocks:
        if used and used + b > H + 1:
            n, used = n + 1, 0
        used += b
    return n

H = max(blocks)
while columns(blocks, H) > 36:
    H += 1
print(H / 2)
```

`H + 1` என்று போட்டிருப்பதற்குக் காரணம், நிரலின் கடைசிக் குடும்பத்துக்குக் கீழே வரும் அரை வரி இடைவெளிக்கு இடம் தேவையில்லை என்பது. அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் 36 நிரலிலும் அரை வரி வீதம் இல்லாத நெருக்கடி ஒன்று தோன்றும். கணினி தெரியாதவர்கள் இதைக் கையாலும் செய்யலாம். 212 எண்களைக் கூட்டிக்கொண்டே போய்க் கோடு போட வேண்டும், அவ்வளவுதான். மூன்று நான்கு தடவை செய்தால் விடை கிட்டிவிடும்.

இதை ஓடவிடுவதற்கு முன் ஒரு கட்டைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஊரின் பழைய குடும்பம் ஒன்றில், பேரப்பிள்ளைகள் உட்பட 61 பெயர்கள். 50 வரி நிரலில் 61 வரிக் கட்டு எந்த விதியாலும் அடங்காது. இதுபோன்ற கட்டைக் கவனிக்காமல் விட்டால் வேர்ட் அதைத் தன் இஷ்டத்துக்கு எங்கேயோ முறிக்கும். அந்தக் குடும்பத்தில் மூன்று சகோதரர்களின் கிளைகள் இருந்தன. கிளைக்கொரு கட்டாக மூன்றாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் அந்தச் சகோதரரின் பெயரைத் தடித்த எழுத்தில் வைத்தோம். அதை வீட்டாரிடம் கேட்டுத்தான் செய்தோம். இப்போது கட்டுகள் 214.

விடை 46 என்று வந்தது. 36 நிரலும் 46 வரி உயரத்துக்குள் அடங்கும். 700 புள்ளியை 46ஆல் வகுத்தால் 15.2. வரி இடைவெளி 14 புள்ளியிலிருந்து 15.2க்கு ஏறியது, பக்கம் ஒன்றும் கூடவில்லை. வித்தியாசம் சிறிதாகத் தோன்றும், ஆனால் அச்சுப்படியில் இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்த மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்துப் பார்த்தார்.

பெரும்பாலான நிரல்கள் 41இலிருந்து 46 வரிவரை நின்றன, கடைசி நிரல் 36இல் முடிந்தது. ஒன்று மட்டும் 38. அதற்கு அடுத்த குடும்பம் 9 வரி, நடுவில் வரும் அரை வரி இடைவெளியோடு 47.5 ஆகும், ஒன்றரை வரியால் தவறிவிட்டது. நிரலின் அடியில் இரண்டு மூன்று வரி ஏறி இறங்கினால் கண் அதைப் பொருட்படுத்துவதில்லை, 8 வரி ஓட்டையோ ஏதோ விடுபட்டதுபோலத் தெரியும். குடும்பங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை இழுத்து அடியைச் சமமாக்க மென்பொருள்களில் வசதி உண்டு. அதை நான் விரும்புவதில்லை. ஒரு நிரலில் இடைவெளி அரை வரி, பக்கத்து நிரலில் ஒன்றரை வரி என்று வந்தால், இடைவெளி பெரிதாக இருக்கும் இடத்தில் புதுப் பிரிவு தொடங்குகிறது என்று வாசிப்பவர் எண்ணிவிடுவார். இடைவெளியும் ஒரு செய்திதான், அது எல்லா இடத்திலும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும்.

வேறு வழி மாஸ்டரிடமிருந்து வந்தது. அந்த இடத்தில் வந்த இரண்டு ஒழுங்கைகள் ஒரே வீதியின் எதிரெதிர்ப் பக்கங்களில் திறக்கின்றன. எதை முதலில் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டையும் இடம் மாற்றி மறுபடி ஓடவிட்டேன். உயரம் 46ஆகவே நின்றது, 8 வரி ஓட்டை 3 வரியானது.

வேர்டில் நிறுத்திவைப்பது

விதிகள் மனதில் இருந்தால் போதாது, கோப்புக்குள் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு பெயரையும் தனிப் பந்தியாக வைத்து `Keep with next` கொடுப்பது வழக்கம். குடும்பத்தின் கடைசிப் பெயருக்கும் அதைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டால் அடுத்த குடும்பமும் அதோடு ஒட்டும், அதற்கு அடுத்ததும் ஒட்டும். சங்கிலி ஒரு நிரலைவிட நீளமானதும் வேர்ட் விதியைக் கைவிட்டு, குடும்பத்தின் நடுவில் முறிக்கும். விதி போட்ட இடத்திலேயே விதி மீறப்பட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நான் குடும்பம் ஒன்றை ஒரே பந்தியாக்கினேன். பெயர்களுக்கு நடுவில் `Shift+Enter`, குடும்பம் முடியும்போது மட்டும் `Enter`. பந்திக்கு `Keep lines together`, முதல் வரியைத் தவிர மற்ற வரிகள் உள்தள்ளி நிற்க `Hanging`, பந்திக்குப் பின் 7.6 புள்ளி இடைவெளி. வரி இடைவெளி `Exactly` 15.2. `Single` என்று விட்டால் தமிழ் எழுத்துருக்கள் தங்கள் விருப்பத்துக்கு உயரம் எடுத்துக்கொள்ளும், 46 என்ற கணக்கே உடையும். ஒழுங்கைத் தலைப்புக்கு மட்டும் `Keep with next`.

பிறகு, பைதன் சொன்ன முறிவுகளில் `Ctrl+Shift+Enter` அடித்து நிரல் முறிப்புகளைக் கையால் வைத்தேன். 35 முறிப்புகள். இதை வைத்தபின் எங்கேனும் ஒரு வரி கூடினால், அந்த நிரலில் இடம் இருக்கும்வரை அது அதற்குள்ளேயே முடிந்துவிடும். முழுப் பட்டியலும் நகராது.

சரிபார்ப்பது எளிது. 36 நிரல்களின் தலைகளை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு நிரலும் தடித்த எழுத்தில், ஒரு வீட்டுத் தலைவர் பெயரோடோ ஒழுங்கைத் தலைப்போடோ தொடங்க வேண்டும். உள்தள்ளிய பெயரோடு ஒரு நிரல் தொடங்கினால் அங்கே ஒரு குடும்பம் முறிந்திருக்கிறது. அதோடு பெயர்களின் எண்ணிக்கை, குடும்பக் கட்டுகளின் எண்ணிக்கை இரண்டையும் பழைய கோப்போடு ஒப்பிட்டேன். 1,240, 214. அச்சகத்துக்கு வேர்ட் கோப்பைக் கொடுக்கவில்லை. அங்குள்ள கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்கார்ந்து, 54.7 மில்லிமீட்டரில் மடியாத பெயர்கள் மடியத் தொடங்கும். எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் மட்டும் போனது.

பிந்தி வந்த ஏழு பெயர்கள்

தட்டு எடுப்பதற்கு முதல் நாள் இரவு மாஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். இன்னும் ஏழு பேர் காசு அனுப்பியிருக்கிறார்கள், பெயர் வராவிட்டால் மனவருத்தமாகும். ‘பின்னர் இணைந்தோர்’ என்று கடைசி நிரலில் மிஞ்சியிருக்கும் 10 வரியில் போட்டுவிடலாம் என்றேன். அவர் ஏற்கவில்லை. “தகப்பனை ஒழுங்கையில் வைத்துவிட்டு மகனை வாசலில் நிறுத்துவதா, தம்பி?”

எந்த நிரலில் எத்தனை வரி மிச்சம் என்று எக்செலில் எழுதிவைத்திருந்தது அப்போது உதவியது. நான்கு பெயர்கள் இடமிருந்த நிரல்களில் போய் உட்கார்ந்தன, வேறொன்றும் அசையவில்லை. இரண்டு பெயர்கள் ஒரே குடும்பத்தில் சேர வேண்டியவை, அந்த நிரலில் ஒரு வரிதான் மிச்சம். அதே நிரலில் மேலே ஒரு பெயர் ஒற்றை எழுத்தால் மடிந்திருந்தது. இரண்டு முன்னெழுத்துகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியை எடுத்ததும் அது ஒரு வரிக்குள் வந்தது, இரண்டாவது பெயருக்கும் இடம் கிடைத்தது.

ஏழாவது பெயர்தான் இரவை நீட்டியது. அது ஒரு புதிய வீடு, ஒற்றைப் பெயர்க் குடும்பம், வர வேண்டிய நிரல் சரியாக 46இல் நிறைந்திருந்தது. அந்த நிரலின் கடைசிக் குடும்பத்தை அடுத்த நிரலுக்குத் தள்ளினேன். அங்கிருந்து 6 வரிக் குடும்பம் ஒன்று அதற்கு அடுத்ததற்கு நகர்ந்தது. அந்த நிரலிலும் இடம் போதாமல் 4 வரிக் குடும்பம் ஒன்றைத் தள்ள வேண்டி வந்தது. நல்லவேளையாக நான்காவது நிரலில் 5 வரி ஓட்டை ஒன்று இருந்தது, 4 வரியும் அதன் கீழே வேண்டிய அரை வரி இடைவெளியும் அதற்குள் அடங்கிவிட்டன. மூன்று முறிப்புகளை மட்டும் மாற்றினேன், மீதி 32உம் வைத்த இடத்திலேயே இருந்தன. முன்பு குறைவாக நினைத்த அந்த ஓட்டைதான் அன்றிரவு பட்டியல் முழுவதும் அசையாமல் தடுத்தது.

36 தலைகளையும் மறுபடி பார்த்தேன். பெயர்கள் 1,247, கட்டுகள் 215. இரவு 11 மணிக்குப் பிடிஎஃப் அச்சகத்துக்குப் போனது. மலர் 96 பக்கம், 12 பாரம்.